பட்டியலில் 74 கடைகள்: கம்பெனிக் கடை எத்தனை, பிரான்சைஸ் எத்தனை?

பெட்டிக்காரர்: மதுரையில் கேக் அட்டைப்பெட்டி செய்து கொடுக்கிறேன். ஒரு பேக்கரி நிறுவனம் தன் இணையதளத்தில் 74 கடைகளைப் பட்டியலிட்டிருக்கிறது. அந்த எண்ணிக்கையைக் காட்டி 60 நாள் கடன் கேட்கிறார்கள். அவற்றில் எத்தனை அவர்களுடைய சொந்தக் கடை, எத்தனை பிரான்சைஸ் என்று வெளியிலிருந்தே கண்டுபிடிக்க வழி உண்டா?

பைபாஸ் வாசி: இதற்கு இவ்வளவு யோசனை தேவையில்லை. நகருக்குள் இருப்பவை கம்பெனிக் கடைகள்; மேலூர், உசிலம்பட்டி, சோழவந்தான் போன்ற ஊர்களில் இருப்பவை பிரான்சைஸ். வாடகை அதிகமான இடத்தில் வெளியாள் முதல் போட மாட்டார். பட்டியலை ஊர்வாரியாகப் பிரித்தாலே விடை கிடைத்துவிடும். பெரிய பிராண்டுகளைப் பொறுத்தவரை எல்லாமே பிரான்சைஸ்தான், டோமினோஸைப் பாருங்கள்.

மாசி வீதி கணக்கர்: டோமினோஸ் உங்கள் வாதத்துக்கு எதிரான உதாரணம். அமெரிக்க நிறுவனத்தின் கணக்கில் இந்தியக் கடைகள் அனைத்தும் பிரான்சைஸ்தான்; ஆனால் இங்கே அந்த உரிமையை வைத்திருக்கும் ஜுபிலன்ட் புட்வொர்க்ஸ் அவற்றைத் தானே நடத்துவதால், அதன் கணக்கில் அவை சொந்தக் கடைகள். ஆகவே யாருடைய கணக்கில் என்று முதலில் தீர்மானிக்காமல் சொந்தமா பிரான்சைஸா என்று கேட்பதில் பொருளில்லை. பெட்டிக்காரருக்குப் பணம் தரவேண்டியது பேக்கரி கம்பெனி. எனவே எந்தக் கடையின் விற்பனைப் பணம் அந்தக் கம்பெனியின் கணக்குக்குப் போகிறது என்பதுதான் அவருக்கு வேண்டியது.

அதற்கு ஊரைப் பார்க்க வேண்டாம், பில்லைப் பார்க்க வேண்டும். பில்லின் தலைப்பில் 15 எழுத்து ஜிஎஸ்டி எண் இருக்கும். தமிழ்நாட்டு எண் `33` என்று தொடங்கும். அடுத்த பத்து எழுத்துகள் அந்த வியாபாரியின் பான் எண். முழு எண்ணில் ஆறாவதாக வரும் எழுத்து `C` என்றால் கம்பெனி, `P` என்றால் தனிநபர், `F` என்றால் கூட்டு நிறுவனம். ஒரே கம்பெனி தமிழ்நாட்டுக்குள் எத்தனை கடை வைத்தாலும் பொதுவாக ஒரே எண்ணில்தான் பில் போடும். தனித்தனிப் பதிவு வாங்கியிருந்தால் பதின்மூன்றாவது எழுத்து மாறலாம், பான் பகுதி மாறாது. எனவே அந்தப் பத்து எழுத்துகளை மட்டும் ஒப்பிட்டால் போதும். கடைக்குள் போகத் தயக்கமாக இருந்தால் பெயர்ப் பலகையைப் பாருங்கள். அதிலும் அந்த எண்ணை எழுதியிருக்க வேண்டும் என்பது விதி. எழுதாத கடைகளும் உண்டு.

திருமங்கலத்தான்: ஐயா சொல்லும் சோதனையில் நானே தவறிப்போவேன், அதனால் என் கதையைச் சொல்கிறேன். வேறொரு நிறுவனத்தின் கடையை நான்கு ஆண்டு வைத்திருந்தேன். உள்ளலங்காரமும் முன்பணமும் என்னுடையவை, இட வாடகையும் நானே கட்டினேன். ஆனால் ஆட்களும் சரக்கும் கம்பெனியுடையவை, பில்லும் கம்பெனியின் எண்ணில்தான் வரும். மாதக் கடைசியில் எனக்கு விற்பனையில் ஒரு பங்கு கொடுப்பார்கள். கொடுக்கத் தாமதித்ததால்தான் விட்டேன். பில்லை மட்டும் பார்த்தவருக்கு அது கம்பெனிக் கடை. முதலைப் போட்ட எனக்கு அது என் கடை.

பைபாஸ் வாசி: அப்படியானால் கணக்கர் ஐயாவின் முறையும் உதவாது என்று ஆகிவிட்டதே.

மாசி வீதி கணக்கர்: உதவும். திருமங்கலத்தாரின் கடை விற்பனை, கம்பெனியின் விற்றுமுதலில்தான் ஏறியிருக்கும். கம்பெனி எவ்வளவு விற்கிறது என்பதை மதிப்பிட பில் சோதனை சரியானது; கம்பெனி எவ்வளவு முதல் போட்டிருக்கிறது என்பதை மதிப்பிட அது போதாது. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் இந்தச் சண்டை. உணவுக் கடைகளில் இன்னொரு தடயமும் உண்டு. உணவுப் பாதுகாப்புக்கான எஃப்எஸ்எஸ்ஏஐ உரிமம் ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனியாக வாங்க வேண்டியது. சுவரில் மாட்டியிருக்கும் அந்த உரிமத்தில் ஒரு தனிநபரின் பெயரும் பில்லில் கம்பெனியின் எண்ணும் இருந்தால், திருமங்கலத்தார் வைத்திருந்தது போன்ற கடையாக இருக்கலாம் என்று சந்தேகிக்கலாம். உரிமமும் கம்பெனி பெயரில் இருந்தால் அந்தத் தடயம் கிடைக்காது.

பெட்டிக்காரர்: பத்து நாள் சுற்றிவிட்டு வருகிறேன். பட்டியலை முதலில் சுத்தம் செய்தேன். தொலைபேசி எண்ணை வைத்துப் பார்த்தபோது மூன்று கடைகள் இரண்டு பெயர்களில் இரண்டு முறை வந்திருந்தன; ஒரே கடையை ஓரிடத்தில் கோச்சடை என்றும் இன்னோரிடத்தில் பைபாஸ் ரோடு என்றும் எழுதியிருக்கிறார்கள். நான்கு இடங்களில் 'விரைவில்' என்ற பலகை மட்டும் தொங்குகிறது. இரண்டு கடைகள் மூடிவிட்டன. நரிமேட்டில் இருந்ததன் கதவில் இப்போது கைப்பேசி பழுதுபார்க்கும் விளம்பரம் ஒட்டியிருக்கிறது. ஒன்று கடையே அல்ல, சரக்குத் தயாரிக்கும் கூடம். மீதி 64. அவற்றில் 22 கடைகளில் பன் வாங்கிப் பில் சேர்த்தேன். 13 பில்களில் கம்பெனியின் பான் இருக்கிறது, 9 பில்களில் வேறு. ஆகவே 64-இல் 59 விழுக்காடு, அதாவது 38 கடைகள் கம்பெனியுடையவை என்று எடுத்துக்கொள்ளலாமா?

வைகை வடகரை: எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த 22 கடைகளை நீங்கள் எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்? மாநகருக்குள் எத்தனை, வெளியூரில் எத்தனை என்று சொல்லுங்கள்.

பெட்டிக்காரர்: வண்டி போகும் வழியில் இருந்தவற்றைப் பார்த்தேன். மாநகருக்குள் 28 கடைகளில் 14 பில்கள், அவற்றில் 11 கம்பெனி. வெளியில் 36 கடைகளில் 8 பில்கள்தான், அவற்றில் 2 கம்பெனி.

வைகை வடகரை: அங்கேதான் தவறு நுழைந்திருக்கிறது. உங்கள் கட்டில் மாநகரப் பில்கள் பாதிக்கு மேல். ஆனால் கடைகளில் பாதிக்கு மேல் வெளியூரில் இருக்கின்றன. இரண்டையும் கலக்காமல் தனித்தனியாகப் பெருக்குங்கள். மாநகரில் 28-இல் பதினான்குக்குப் பதினொன்று என்றால் 22 கடைகள். வெளியில் 36-இல் எட்டுக்கு இரண்டு என்றால் 9 கடைகள். கூட்டினால் 31. உங்கள் 38-இல் ஏழு கடைகள் உங்கள் வண்டி போன பாதையால் பிறந்தவை.

அந்த 31-ஐயும் கல்லில் எழுதிவிடாதீர்கள். வெளியூர்ப் பில்கள் எட்டே எட்டு என்பதால், ஒரு பில் மாறினாலே மதிப்பீடு நாலரைக் கடை ஏறும் அல்லது இறங்கும். உழைக்க நேரம் இருந்தால் மாநகரில் இன்னும் பத்துப் பில் சேர்ப்பதைவிட உசிலம்பட்டிப் பக்கம் ஐந்து பில் சேர்ப்பது அதிகம் பயன்படும்.

பைபாஸ் வாசி சொன்னதும் முழுத் தவறில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஊர் வேறுபாடு இருக்கிறது. ஆனால் மாநகரிலேயே பதினான்கில் மூன்று பிரான்சைஸ் என்றால், ஊரை மட்டும் வைத்துப் பிரித்திருந்தால் இரண்டு பக்கமும் பிழை விழுந்திருக்கும்.

பைபாஸ் வாசி: ஒப்புக்கொண்டதற்கு நன்றி. ஆனால் பெட்டி 64 கடைக்கும்தானே போகப்போகிறது? 31-ஓ 38-ஓ, பெட்டிக்காரருக்கு என்ன வேறுபாடு?

பெட்டிக்காரர்: பெட்டி எத்தனை போகும் என்பது என் கேள்வியே அல்ல, அண்ணே. பிரான்சைஸ் கடைகளுக்கும் கம்பெனிதான் பெட்டி வாங்கி அனுப்புகிறது. பில் கம்பெனி பேரில், கடனும் கம்பெனி பேரில். 64 கடையின் பெட்டிக்கு 31 கடையின் கல்லாவை நம்பிக் கடன் கொடுக்கலாமா என்பதுதான் கேள்வி.

மாசி வீதி கணக்கர்: கல்லா 31 என்றும் முடித்துவிட முடியாது. பிரான்சைஸ் கடைக்கு அனுப்பும் சரக்குக்கும் கம்பெனிக்குப் பணம் வரும், மொத்த விலையில். கடைக்காரரின் லாபம் போக மீதி கம்பெனிக் கணக்கில் ஏறும். ஆகவே பிரான்சைஸ் கடை சுழியமும் அல்ல, முழுக்கடையும் அல்ல.

ஒரு கம்பெனிக் கடை எவ்வளவு விற்கிறது என்பதைப் பில் எண்ணிலிருந்து ஓரளவு தெரிந்துகொள்ளலாம். நிதியாண்டு முழுவதும் பில் எண்கள் வரிசை விடாமல் போக வேண்டும் என்பது விதி. ஒரு செவ்வாய் காலை பத்து மணிக்கு ஒரு பில்லும் அடுத்த செவ்வாய் அதே நேரத்தில் ஒரு பில்லும் வாங்கி, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழியுங்கள்.

பெட்டிக்காரர்: அண்ணா நகர்க் கடையில் முன்பே அப்படி இரண்டு பில் கைவசம் இருக்கின்றன. எண்கள் 18,412, 20,057. வித்தியாசம் 1,645, நாளொன்றுக்கு 235 பில்.

மாசி வீதி கணக்கர்: நல்லது, ஆனால் மூன்று இடங்களில் இது ஏமாற்றும். கடையில் இரண்டு கல்லா இருந்து இரண்டுக்கும் தனி வரிசை என்றால் பாதிதான் எண்ணியிருப்பீர்கள். எல்லாக் கடைக்கும் ஒரே வரிசை ஓடினால் பலமடங்கு எண்ணியிருப்பீர்கள். அதே நாள் ஏறத்தாழ அதே நேரத்தில் வேறொரு கடையில் ஒரு பில் வாங்கினால் இது தெரிந்துவிடும், எண் அடுத்தடுத்து விழும். மூன்றாவது, 200 ரூபாய்க்குக் குறைந்த விற்பனைக்கு வாடிக்கையாளர் கேட்காவிட்டால் தனிப் பில் தர வேண்டியதில்லை, நாள் முடிவில் மொத்தமாக ஒன்று போட்டால் போதும். டீயும் பன்னும் விற்கும் கடையில் அது சிறிய தொகை அல்ல.

திருமங்கலத்தான்: எங்கள் கடையில் கூட்ட நேரத்தில் பாதிப் பேருக்குப் பில்லே அடிக்க மாட்டார்கள். இராத்திரி ஒரே அடியாக அடிப்பார்கள்.

வைகை வடகரை: கம்பெனி என்றால் ஆண்டுக் கணக்கு மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் எம்சிஏ தளத்தில் இருக்குமே. நூறு ரூபாய் கட்டினால் பார்க்கலாம். பிரான்சைஸ்காரர்களிடம் வாங்கிய வைப்புத்தொகை அதில் பொறுப்புகளின் பக்கம் நிற்கும்.

பெட்டிக்காரர்: பார்த்தேன். சென்ற மார்ச் கணக்கில் கடைக்காரர்களின் வைப்புத்தொகை 1.55 கோடி. 'கிளை எடுக்க வாருங்கள்' என்று அவர்கள் கொடுக்கும் துண்டறிக்கையில் வைப்பு 5 லட்சம் என்று போட்டிருக்கிறது. வகுத்தால் 31 பிரான்சைஸ். நம் கணக்கில் 64-இல் 31 போக 33. ஏறத்தாழ ஒத்து வருகிறது.

வைகை வடகரை: ஒத்து வருவதே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. ஐந்து லட்சம் என்பது இன்றைய கட்டணம். முதலில் சேர்ந்தவர்கள் மூன்று லட்சம் கட்டியிருந்தால் அதே 1.55 கோடிக்குள் இன்னும் பல கடைகள் அடங்கும். மூடிய கடைக்காரருக்குத் திருப்பித் தராத பணமும் அதற்குள் கிடக்கலாம்.

மாசி வீதி கணக்கர்: கேள்வி நியாயமானது. வேறு பான் காட்டிய ஒன்பது பில்களையும் இன்னொரு முறை பாருங்கள். ஆறாவது எழுத்து `P` இல்லாமல் `F` இருந்தால், அது உரிமையாளர் குடும்பத்தின் கூட்டு நிறுவனமாகவும் இருக்கலாம்; நம் ஊரில் அண்ணன் பேரில் கம்பெனி, தம்பி பேரில் நான்கு கடை என்பது புதிதல்ல. ஜிஎஸ்டி தளத்தில் அந்த எண்ணை இட்டுத் தேடினால் சட்டப்பெயரும் நிறுவன வகையும் வரும்.

பெட்டிக்காரர்: தேடிவிட்டேன். ஒன்பதில் ஏழு `P`, இரண்டு `F`. அந்த இரண்டும் ஒரே நிறுவனம், கே.கே.நகரிலும் வில்லாபுரத்திலும் கடை. கூட்டாளிகள் யார் என்று அந்தத் தளம் சொல்லவில்லை. நாளை உசிலம்பட்டி வரை போய் ஐந்து பில் சேர்க்கிறேன். அதுவரை 60 நாள் இல்லை, 21 நாள் என்று சொல்லி முதல் சரக்கை அனுப்பியிருக்கிறேன்.

திருமங்கலத்தான்: வில்லாபுரம் கடையில் உட்கார்ந்திருப்பவரிடம் பெட்டி யார் பேரில் வாங்குகிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். குடும்பக் கடை என்றால் கிட்டங்கியிலிருந்து சும்மா வருகிறது என்பார். பிரான்சைஸ்காரர் என்றால் ஒரு பெட்டிக்கு எவ்வளவு பிடிக்கிறார்கள் என்று காசு சுத்தமாகச் சொல்வார்.