கலைச்சொல்: ‘ரெசிடுவல்’ – மிச்சமா, எச்சமா, கோட்டு விலகலா?

கலைவாணி (சேலம்):

வணக்கம். வீட்டுக் கணக்கு எழுதுபவர்களுக்காக ஒரு சிறு கையேடு தயாரிக்கிறேன். 2024, 2025 மாதச் செலவுகளை விரிதாளில் இட்டு, போக்குக் கோடு பொருத்தி, 2026-க்கு எவ்வளவு தேவை என்று பார்ப்பதுதான் பாடம். போக்குக் கோடு, சாய்வு ஆகியவற்றுக்குச் சொல் இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் உண்மைச் செலவு கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறதோ, அந்தத் தொகைக்குத்தான் சொல் தேடுகிறேன். இப்போதைக்கு ‘மிச்சம்’ என்று வைத்திருக்கிறேன். A பத்தியில் 1 முதல் 24 வரை மாத எண், B-யில் செலவு, C-யில் இந்த ‘மிச்சம்’:

```
E1: =SLOPE(B2:B25,A2:A25)
E2: =INTERCEPT(B2:B25,A2:A25)
C2: =B2-(E$1*A2+E$2)
```

மாதிரிக் கணக்கில் முதல் மாதம் 30,000 ரூபாய். மாதாமாதம் சீராக ஏறி, கடைசி மாதம் 34,600. இரண்டு அக்டோபரிலும் தீபாவளிக்காக 24,000 கூடுதல். சாய்வு மாதத்துக்கு 346 ரூபாய் என்று வருகிறது. கோட்டை நீட்டினால் 2026-க்கு மொத்தம் சுமார் 4,86,000.

மாறன் (கோவை):

‘மிச்சம்’ வேண்டாம் அக்கா. அக்டோபர் 2024-க்கு உங்கள் C பத்தியில் +22,365 வருமே! ‘மிச்சம் 22,365’ என்று படித்தால், அவ்வளவு பணம் கையில் நின்றது என்றுதான் எந்த வீட்டிலும் நினைப்பார்கள். உண்மையில் அவ்வளவு அதிகமாகச் செலவாகியிருக்கிறது. ‘விலகல்’ போதும். அப்புறம், அந்த இரண்டு அக்டோபர்களும் ஒதுங்கி நிற்கும் புள்ளிகள். அவற்றை நீக்கிவிட்டுக் கோடு போடுங்கள், கணக்கு சரியாகிவிடும்.

நித்தியானந்தன் (யாழ்ப்பாணம்):

எங்கட வீட்டுக் கணக்குக்கு எந்தக் கோடும் பொருந்தாது. 2022 செப்டம்பரில் கொழும்பு விலைச்சுட்டியின் ஆண்டு உயர்வு கிட்டத்தட்ட 70 சதவீதமாக இருந்தது. அடுத்த ஆண்டு ஜூலையில் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிவிட்டது. 2021, 2022 செலவுக்குக் கோடு போட்டு 2023-ஐக் கணித்திருந்தால் எங்கேயோ போயிருக்கும். இப்படித் தவறும் தொகைக்குத்தானே சொல் கேட்கிறீர்கள்?

சுந்தரம் (திருச்சி):

நித்தியானந்தன் ஐயா, நீங்கள் சொல்வது கணிப்புப் பிழை. அது வரப்போகும் மாதத்துக்கு உரியது. கலைவாணி கேட்பது, கோடு பொருத்தப் பயன்பட்ட அதே 24 மாதங்களில் கோட்டுக்கும் செலவுக்கும் உள்ள இடைவெளி. இரண்டுக்கும் ஒரே பெயர் வைக்கக் கூடாது.

மாறன் சொன்னதில் பாதி சரி. கோடு போடும்போது தீபாவளித் தொகையை விலக்க வேண்டும். ஆனால் அந்தப் பணம் அடுத்த ஆண்டும் செலவாகும், அதனால் கடைசியில் திரும்பக் கூட்ட வேண்டும். அக்டோபரின் அன்றாடச் செலவை நீக்கவே கூடாது.

கலைவாணி அம்மா, உங்கள் C பத்தியை மேலிருந்து கீழே பாருங்கள். அக்டோபர்கள் தவிர எல்லா மாதமும் கழித்தல் குறியில் இருக்கும். முதல் மாதம் சுமார் −320, கடைசி மாதம் −3,680. இப்படி ஒரே பக்கமாக இறங்கிக்கொண்டே போனால், கோடு சாதாரண மாதங்களின் ஏற்றத்தைப் பின்பற்றவில்லை என்று பொருள். காரணம் இதுதான்: 24 மாதங்களின் நடுப்புள்ளி 12.5. முதல் தீபாவளி 10-ஆம் மாதம், நடுவுக்கு 2.5 மாதம் முன்னால். இரண்டாவது 22-ஆம் மாதம், 9.5 மாதம் பின்னால். தொலைவில் இருப்பது கோட்டை அதிகமாக இழுக்கும். அதனால் இல்லாத ஏற்றம் மாதத்துக்கு 146 ரூபாய் சேர்ந்துவிட்டது.

இரண்டு அக்டோபரிலும் 24,000-ஐக் கழித்துவிட்டுப் பொருத்துங்கள். சாய்வு 200 வரும். அடுத்த ஆண்டு அன்றாடச் செலவு 4,30,800. தீபாவளியைக் கூட்டினால் 4,54,800. நீங்கள் முதலில் போட்டது இதைவிட ஏறத்தாழ 31,500 அதிகம். தீபாவளிச் செலவைவிடப் பெரிய தவறு! சரிபார்க்க இன்னொரு வழி: 2025-இன் ஒவ்வொரு மாதத்திலிருந்தும் 2024-இன் அதே மாதத்தைக் கழியுங்கள். 2,400 வரும், பன்னிரண்டால் வகுத்தால் அதே 200. இரண்டு தீபாவளியும் அக்டோபரில் வந்ததால்தான் இது இவ்வளவு எளிது. 2026-இல் நவம்பர் 8.

சொல்லுக்கு வருகிறேன். ‘விலகல்’ என்றால் சராசரியிலிருந்து விலகுவது என்று மாணவர்கள் எடுத்துக்கொள்வார்கள். ‘எச்சம்’ என் விருப்பம். பெயரெச்சம், வினையெச்சம் என்று முடியாமல் நிற்பதைச் சொல்லிப் பழகிய சொல்தான். கோடு விளக்கி முடிக்காமல் விட்டது எச்சம்.

கலைவாணி:

நன்றி ஐயா, கணக்கை மாற்றிவிட்டேன். ‘மிச்சம்’ போய்விட்டது. ஆனால் ‘எச்சம் +22,365’ என்றாலும், ஏதோ மீந்தது போல்தான் என் அம்மாவுக்குக் கேட்கிறது. கையேட்டில் ‘கோட்டு விலகல்’ என்று போட்டு, கூட்டல் என்றால் ‘கோட்டுக்கு மேல்’, கழித்தல் என்றால் ‘கோட்டுக்குக் கீழ்’ என்று பக்கத்திலேயே எழுதலாம் என்று நினைக்கிறேன்.

மாறன்:

‘கோட்டு விலகல்’ எனக்குச் சம்மதம். வளைகோடு பொருத்தினாலும் பொருந்தும்.

சுந்தரம்:

கையேட்டுக்குச் சரி. கோடே இல்லாத பொருத்தங்களும் உண்டு, அங்கே இது நிற்காது. பாடநூலுக்கு ‘எச்சம்’ வேண்டும் என்பதை விடுவதாக இல்லை.