ஆர்டிஎக்ஸ் 4060-ல் ரே டிரேசிங்: முதல் பத்து நிமிஷம் சரி, அப்புறம் திக்கித் திக்கி ஓடுது. ஆஃப் பண்ணிடலாமா?

கதிர்_1080

சைபர்பங்க் 2077. சிஸ்டம்: ரைசன் 5 3600, பி450 போர்டு, 16 ஜிபி ரேம் (8+8, 3200), ஆர்டிஎக்ஸ் 4060 8 ஜிபி, 1080பி 144 ஹெர்ட்ஸ் மானிட்டர்.

ரே டிரேசிங் இல்லாமல், ஹை செட்டிங், டிஎல்எஸ்எஸ் இல்லாமல் 78 எஃப்பிஎஸ் வருது. `Ray Tracing: Ultra` போட்டு, டிஎல்எஸ்எஸ் `Quality` வெச்சா சுமார் 46. அது எனக்குப் போதும். ஆனா பத்துப் பதினஞ்சு நிமிஷம் ஊரைச் சுத்தினதும் 20-க்குக் கீழே விழுது, திரும்பினாலே உறையுது. கேமை மூடித் திறந்தா மறுபடி 46. கேமுக்குள்ள இருக்கிற பெஞ்ச்மார்க்ல இந்தப் பிரச்சினை வரவே இல்லை. கார்டுக்கு ரே டிரேசிங் சக்தி பத்தலைன்னு எடுத்துக்கிட்டு ஆஃப் பண்ணிடலாமா?

நைட்ரோ பாலா

ப்ரோ, 4060 வெச்சிருக்கீங்க, ஃபிரேம் ஜெனரேஷன் ஆன் பண்ணலையா? அதுக்காகத்தானே 40 சீரிஸ் வாங்குறது. ஆன் பண்ணுங்க, 46 அப்படியே 75, 80 ஆயிடும். மேட்டர் முடிஞ்சது.

சுந்தர்_கோவை

முதல்ல சூட்டைப் பாருங்க. பத்து நிமிஷம் கழிச்சு விழுதுன்னா நூத்துக்குத் தொண்ணூறு சூடுதான். கேஸ்ல முன்னாடி ஃபேன் இருக்கா? பேஸ்ட் மாத்தி எத்தனை நாளாச்சு?

கதிர்_1080

@சுந்தர்_கோவை கார்டு 67 டிகிரி தாண்டலை அண்ணா. பிராசசர் 74.

@நைட்ரோ பாலா போட்டுப் பார்த்தேன். முதல்ல 70 காட்டுது, ஆனா உறையுறது இன்னும் சீக்கிரமா, அஞ்சு நிமிஷத்துலயே வந்துடுது.

பிக்சல்_தாத்தா

ஃபிரேம் ஜெனரேஷன் போட்டதும் சீக்கிரமா உறையுதுன்னு சொன்னீங்களே, பாதி விடை அதுலயே இருக்கு. அதுக்கும் கார்டு மெமரில தனியா இடம் வேணும். உங்களுக்கு முதல்ல தீர்றது அந்த 8 ஜிபி இடம்னு சந்தேகப்படுறேன், ஒளிக்கதிர் கணக்குப் போடுற சக்தி இல்லை. சந்தேகம்தான், அதனால அளந்துடுங்க. கேம் ஓடும்போது பின்னால இதை ஓட விடுங்க:

```
nvidia-smi --query-gpu=memory.used,memory.total,utilization.gpu,power.draw --format=csv -l 1 -f log.csv
```

கூடவே டாஸ்க் மேனேஜர்ல `Performance`, `GPU` போய் `Shared GPU memory` எவ்வளவுன்னு ஆரம்பத்துலயும் உறையும்போதும் குறிச்சுக்குங்க. பெஞ்ச்மார்க் வேண்டாம். அது ஒரே பாதையில கொஞ்ச நேரம் ஓடி முடிஞ்சுடும், மெமரி நிரம்பவே நேரம் இருக்காது. செர்ரி பிளாசம் மார்க்கெட்ல கிளம்பி கார்ப்போ பிளாசா வரைக்கும் வண்டில போய்த் திரும்புங்க. ஒவ்வொரு தடவையும் அதே பாதை.

கதிர்_1080

ஓட்டிட்டேன். நல்லா ஓடும்போதும் உறையும்போதும் ஒவ்வொரு வரி:

```
7412 MiB, 8188 MiB, 98 %, 107.52 W
7903 MiB, 8188 MiB, 99 %, 63.18 W
```

`Shared GPU memory` முதல்ல 0.3 ஜிபி, உறையும்போது 1.9 ஜிபி. ஒண்ணு புரியலை. ரெண்டு வரியிலயும் கார்டு 98, 99 சதவீதம் வேலை செய்யுதுன்னுதானே இருக்கு? அப்போ சக்தி பத்தலைன்னுதானே அர்த்தம்?

பிக்சல்_தாத்தா

அந்த 99 நிறைய பேரை ஏமாத்தும். கார்டுகிட்ட ஏதோ ஒரு வேலை கொடுத்து வெச்சிருக்கு, அது இன்னும் முடியலை, அவ்வளவுதான் அதுக்கு அர்த்தம். வேலை முடியாம டேட்டாவுக்காகக் காத்துக்கிட்டு இருந்தாலும் அது 99-னுதான் காட்டும். உண்மையைச் சொல்றது வாட் கணக்கு. 107-ல இருந்து 63-க்கு இறங்கியிருக்கு. உழைச்சிருந்தா கரண்டு இழுத்திருக்கும். அடுப்பு எரியுது, அரிசி இன்னும் வரலை.

எங்கே காத்திருக்குன்னா, 8 ஜிபி நிரம்பினதும் மிச்சத்தை விண்டோஸ் மதர்போர்டு ரேம்ல கொண்டு போய் வைக்குது. அந்த 1.9 ஜிபி அதுதான். 4060 தன்னோட மெமரியை நொடிக்கு 272 ஜிபி வேகத்துல படிக்கும். மதர்போர்டு ரேமுக்குப் போகணும்னா பிசிஐஇ வழியாத்தான் போகணும். இந்தக் கார்டு 8 லேன்தான் பயன்படுத்தும். உங்க பி450 போர்டு ஜென் 3, ஆக நொடிக்கு 8 ஜிபிகூட முழுசா வராது. ஜென் 4 போர்டா இருந்தா இதுல ரெண்டு மடங்கு கிடைக்கும், உறையுறது கொஞ்சம் மெதுவாத் தெரியும். அவ்வளவுதான் வித்தியாசம், பிரச்சினை போயிடாது.

ரே டிரேசிங் ஆன் பண்ணதும் மெமரி ஏன் கூடுதுன்னா, ஒளிக்கதிர் எதுல மோதுதுன்னு தேட, காட்சில இருக்கிற கட்டடம், வண்டி, ஆள் எல்லாத்தையும் பெட்டிக்குள்ள பெட்டியா அடுக்கி ஒரு மரம் மாதிரி கட்டி வைக்கணும். ஸ்கிரீன்ல தெரியாத, உங்களுக்குப் பின்னால இருக்கிற பொருளும் அதுல இருக்கணும், ஏன்னா கண்ணாடில அது தெரியும். அதனால ஆஃப்ல பிரச்சினை இல்லாத டெக்ஸ்சர் செட்டிங், ஆன்ல இடம் இல்லாம முட்டும்.

இப்போ செய்ய வேண்டியது: `Texture Quality`-ஐ `High`-ல இருந்து `Medium` ஆக்குங்க. ஆட்டத்துக்கு நடுவுல மாத்த முடியாது, மெயின் மெனுவுக்கு வந்துதான் மாத்தணும். ஃபிரேம் ஜெனரேஷன் ஆஃப். பிரவுசர், டிஸ்கார்டு எல்லாத்தையும் மூடுங்க. கேம் இல்லாதப்போ அதே கமாண்டு எவ்வளவு காட்டுதுன்னும் பாருங்க.

யாழ்_ரெண்டர்

நானும் இதே கேள்வியோடதான் வந்தனான். என்னட்ட 3060 12 ஜிபி. பிளெண்டரில சைக்கிள்ஸ் ரெண்டர் எல்லாம் பிரச்சினை இல்லாமல் போகுது. அப்ப 4060ஐ விட 3060 நல்லதோ?

பிக்சல்_தாத்தா

@யாழ்_ரெண்டர் ரெண்டும் வேற கேள்வி. ரெண்டருக்கு ஒரு ஃபிரேம் அரை நிமிஷம் எடுத்தாலும் குத்தமில்லை, கேமுக்கு 16 மில்லிசெகண்டுதான். 12 ஜிபி இருக்கிறதால கதிர் சொல்ற மாதிரி உறையாது. ஆனா ஒளிக்கதிர் கணக்கு 4060-ல வேகமா முடியும். மெமரி பத்துற வரைக்கும் 4060 முன்னால, பத்தாத இடத்துல உங்களது முன்னால.

கதிர்_1080

சும்மா இருக்கும்போதே 1.2 ஜிபி காட்டுச்சு! பிரவுசரும் அனிமேட்டட் வால்பேப்பரும்தான். மூடினதும் 0.5.

டெக்ஸ்சர் `Medium` வெச்சு நாற்பது நிமிஷம் ஓட்டினேன். மெமரி 6.9-ல நின்னுடுச்சு, `Shared` 0.4 தாண்டலை, வாட் 105-க்கு மேலேயே இருக்கு. உறையவே இல்லை. தூரத்து போர்டுல எழுத்து கொஞ்சம் மங்கல், அவ்வளவுதான். ஆனா மார்க்கெட்ல மட்டும் 44, 46. அதைக் கூட்ட டிஎல்எஸ்எஸ்-ஐ `Performance`-க்கு மாத்தினேன். 49-தான் வந்துச்சு. இது ஏன்?

பிக்சல்_தாத்தா

`Performance`-ல கார்டு 960x540-லதான் படம் வரையுது, `Quality`-ல 1280x720. பிக்சல் கிட்டத்தட்ட பாதி குறைஞ்சும் மூணு எஃப்பிஎஸ்தான் கூடுச்சுன்னா, கார்டு இப்போ யாருக்கோ காத்திருக்கு. அந்த நேரத்துல கார்டு சதவீதம் எவ்வளவு?

கதிர்_1080

78, 80.

பிக்சல்_தாத்தா

அப்போ 3600-தான். நகர்ற ஆளும் வண்டியும் ஒவ்வொரு ஃபிரேம்லயும் இடம் மாறுறதால அந்த மரத்தை ஒவ்வொரு தடவையும் புதுப்பிக்கணும். கட்டுறது கார்டு, ஆனா எதை எதைக் கட்டணும்னு பட்டியல் போட்டுக் கொடுக்கிறது பிராசசர். கூட்டம் இருக்கிற இடத்துல மட்டும் விழுறது அதனாலதான். `Crowd Density`-ஐ `Low` ஆக்குங்க. டிஎல்எஸ்எஸ் மறுபடி `Quality`. அப்புறம் `Ray-Traced Lighting`-ஐ `Off` பண்ணி, `Ray-Traced Reflections` மட்டும் விட்டு ஒரு தடவை.

கதிர்_1080

அதே மார்க்கெட், டிஎல்எஸ்எஸ் `Quality`, கூட்டம் `Low`:
லைட்டிங், ரிஃப்ளெக்ஷன், நிழல் எல்லாம் ஆன்: 52
லைட்டிங் மட்டும் ஆஃப்: 61
எல்லாமே ஆஃப்: 92

நைட்ரோ பாலா

பார்த்தீங்களா, பிராசசர் தடைன்னா ஃபிரேம் ஜெனரேஷன்தான் மருந்து. அது பிராசசரைக் கேட்காமலேயே நடுவுல ஃபிரேம் போடும். நான் முதல்லயே சொன்னேன்.

பிக்சல்_தாத்தா

பிராசசர் விஷயத்துல நீங்க சொல்றது சரிதான் பாலா. ஆனா இப்போ 6.9 ஜிபில நிக்குது, அது மேல ஃபிரேம் ஜெனரேஷனை ஏத்தினா மறுபடி விளிம்புக்குப் போகும். டாக்டவுன் பக்கம் போனா தாண்டிடும்னுதான் நினைக்கிறேன். இன்னொண்ணு, 46 அடிப்படைல 75 காட்டினாலும் மவுஸ் 46 மாதிரிகூட இருக்காது, அதைவிடக் கனமா இருக்கும். 60 அடிப்படைல போட்டா தாங்கும்.

கதிர், உங்க எண்ணை எஃப்பிஎஸ்ல பார்க்காம நேரமா மாத்திப் பாருங்க. ஆயிரத்தை எஃப்பிஎஸ்ஸால வகுத்தா ஒரு ஃபிரேமுக்கு எத்தனை மில்லிசெகண்டுன்னு வரும். எல்லாம் ஆஃப் 10.9, லைட்டிங் இல்லாம 16.4, எல்லாம் ஆன் 19.2. லைட்டிங்குக்கு 2.8 போகுது. மிச்ச 5.5 ரிஃப்ளெக்ஷனும் நிழலும், அவற்றோட நுழைவுக் கட்டணமும். பொருட்காட்சி டிக்கெட் மாதிரி, ஒரே ஒரு எஃபெக்ட் ஆன் பண்ணாலும் அந்த மரத்தைக் கட்டியே ஆகணும், மெமரியும் பிராசசரும் போயே தீரும். அதனால "நிழல் மட்டும் ஆன்"ங்கிறது இருக்கிறதுலயே மோசமான பேரம். உள்ளே போக முழுக் காசு கொடுத்துட்டு வாசல்லயே நின்னு பார்க்கிறது. எடுத்தா ரிஃப்ளெக்ஷன் எடுங்க, இந்த ஊர்ல நியானும் ஈரத் தரையும்தான் காட்சி. இல்லைன்னா மொத்தமா ஆஃப்.

பாத் டிரேசிங்கைத் தொடவே வேண்டாம்.

வெளிச்சம்

ரிஃப்ளெக்ஷன்லயும் எனக்கு உடன்பாடு இல்லை. 1080பி `Quality`-ன்னா ஒளிக்கதிர் எறியறது 720பி அளவுலதான். ஈரத் தரை ஓடும்போது எறும்பு ஊர்ற மாதிரி நெளியும், நின்னு பார்த்தா மட்டும்தான் அழகு. 1440பி மானிட்டர்னா வேற கதை. ஆஃப் பண்ணிட்டு டிஎல்எஸ்எஸ்-ஐயும் எடுத்துட்டு டெக்ஸ்சரை மறுபடி `High` ஆக்கினா, 1080பில அதுதான் தெளிவான படம்.

பிக்சல்_தாத்தா

நெளியறது உண்மை. `Ray Reconstruction` போட்டா அந்த நெளிவு குறையும், ஆனா அதுக்கும் ஃபிரேம்ல கொஞ்சம் போகும். 61-ல எவ்வளவு மிஞ்சும்னு அவர் போட்டுப் பார்த்துத்தான் சொல்லணும்.

சுந்தர்_கோவை

சூடு இல்லைன்னு ஒத்துக்கிறேன். ஒரு கேள்வி: இப்போ வர்ற கேம்ல ஆஃப் பண்ற ஆப்ஷனே இல்லையாமே?

பிக்சல்_தாத்தா

சிலதுல இல்லை. இந்தியானா ஜோன்ஸ் அண்ட் தி கிரேட் சர்க்கிள் (2024), டூம்: தி டார்க் ஏஜஸ் (2025) ரெண்டுக்கும் ரே டிரேசிங் கார்டு இல்லாம திறக்கவே திறக்காது. ஆனா அடிப்படை ரே டிரேசிங்கை நடுத்தரக் கார்டுக்குத் தகுந்த மாதிரியே அமைச்சிருக்காங்க. அங்கேயும் 8 ஜிபிகாரங்க முட்டுறது மெமரிலதான். இந்தியானா ஜோன்ஸ்ல `Texture Pool Size`-னு தனியாவே இருக்கு, அதை இறக்கினா சரியாயிடும்.

கதிர்_1080

`Ray Reconstruction` போட்டா 56. தரை நெளியறது நல்லாவே குறைஞ்சிருக்கு, ஆனா ஆளுங்க முகம் ஏதோ எண்ணெய் தடவின மாதிரி இருக்கு. இது எனக்கு மட்டுமா? இன்னிக்கு ராத்திரி டாக்டவுன்ல மெமரி எவ்வளவு போகுதுன்னு பார்த்துட்டுப் போடுறேன்.