கிருமி தெரியவில்லை என்று குளிசையை நிறுத்தினேன், ஏழாம் மாதம் ஈரல் வீங்கியது

கொட்டாஞ்சேனை கணக்காளர்

2017 இல் எங்கள் வேலைத்தலத்தில் நடந்த இரத்ததான முகாமில் இரத்தம் கொடுத்தேன். சில வாரங்களில் நேரில் வரும்படி அழைத்து, ஹெபடைட்டிஸ் பி கிருமி இருப்பதாகச் சொன்னார்கள். எனக்கு அதுவரை ஒரு நாள்கூட ஈரல் பற்றிய எண்ணம் வந்ததில்லை. ஈரல் கலங்கள் சேதமாவதைக் காட்டும் ஏ.எல்.டி. 92 ஆகவும் வைரஸ் அளவு எட்டு இலட்சத்துக்கு மேலாகவும் இருந்தன. ஈரலில் தழும்பு அதிகம் விழவில்லை என்று ஸ்கேன் பார்த்த வைத்தியர் கூறினார். அன்று தொடங்கியது எண்டகாவிர் 0.5 மில்லிகிராம். இரவுச் சாப்பாடு முடிந்து இரண்டு மணித்தியாலம் கழித்து, படுக்கப் போகும் முன் ஒன்று. ஓராண்டுக்குள் வைரஸ் அளவுப் பரிசோதனையில் "கண்டறியப்படவில்லை" என்று வந்தது. அதற்குப் பிறகு குளிசையை நிறுத்தும் வரை எல்லா அறிக்கைகளிலும் அதே வரிதான்.

அந்த வரியை நான் தவறாக வாசித்தேன் என்பதைச் சொல்வதற்காகத்தான் இதை எழுதுகிறேன். 2022 பொருளாதார நெருக்கடியில் மருந்தின் விலை ஏறி, சில மாதங்கள் பார்மசி பார்மசியாக அலைந்து வாங்க நேர்ந்தது. 2023 பெப்ரவரியில் குளிசை தீர்ந்தபோது, கிருமிதான் போய்விட்டதே, இனி எதற்கு என்று எண்ணி விட்டுவிட்டேன். வைத்தியரிடம் கேட்கவில்லை. கேட்டால் மறுப்பார் என்று உள்ளூரத் தெரிந்திருந்ததால்தான் கேட்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது.

மே மாதம் எனது திருப்திக்காக நானே ஒரு ஆய்வுகூடத்தில் ஏ.எல்.டி. பார்த்தேன்: 31. அந்த இலக்கம் என்னை முழுமையாக ஏமாற்றிவிட்டது. மூன்று மாதம் தாண்டியும் ஒன்றுமில்லை என்றால் இனி ஒன்றும் வராது என்று முடிவு கட்டினேன். செப்டம்பரில் உடல் சோர்ந்தது. வீட்டில் தாளிக்கும் தேங்காய் எண்ணெயின் மணம் வயிற்றைப் புரட்டியது. சிறுநீர் கடும் சாயம் விட்ட பிளேன்டீயைப் போல இருந்ததைக் கண்டும், வெயிலில் அலைந்து தண்ணீர் குடிக்காததால் என்று நினைத்தேன். கண் மஞ்சளானதும் அம்மா செங்கமாரி என்று சொல்லிக் கீழாநெல்லி அரைத்துத் தந்தார். அதில் நான்கு நாட்கள் போயின.

ஐந்தாம் நாள் வைத்தியசாலையில் ஏ.எல்.டி. 1,480, மஞ்சளின் அளவைக் காட்டும் பிலிருபின் 6.8, இரத்தம் உறையத் தாமதமாவதைக் காட்டும் ஐ.என்.ஆர். 1.6, வைரஸ் அளவு கோடிக் கணக்கில். அன்றே எண்டகாவிரை மறுபடியும் தொடங்கினார்கள். மருந்து உள்ளே போனதும் எல்லாம் இறங்கிவிடும் என்று நான் எதிர்பார்த்தேன். ஆனால் அடுத்த வாரம் பிலிருபின் 11 வரை ஏறியது. பதினொரு நாட்கள் வார்டில் இருந்தேன். வைத்தியர் தினமும் முதலில் கேட்டது ஏ.எல்.டி.யை அல்ல, ஐ.என்.ஆரைத்தான். அது 1.6 இலிருந்து 1.4 ஆகி, 1.2 க்கு வந்த பிறகுதான் அவருடைய முகம் இளகியது. கண் முழுதாக வெளுக்க மூன்று மாதம் எடுத்தது.

வத்தளை இல்லத்தரசி

எனது கணவருக்கும் சென்ற ஆண்டு செங்கமாரி வந்தது. வெளியில் சாப்பிட்டதால் என்றார்கள். கீழாநெல்லியும் பத்தியமும்தான், மூன்று வாரத்தில் எழுந்துவிட்டார். உங்கள் தாயார் செய்தது தவறில்லை என்றே எனக்குப் படுகிறது. வைத்தியசாலைக்குப் போனதால்தான் நாட்கள் கூடினவோ என்று ஐயம்.

தெஹிவளை ஆசிரியர்

அம்மா, உங்கள் கணவருக்கு வந்தது பெரும்பாலும் உணவிலும் தண்ணீரிலும் பரவும் ஏ வகையாக இருக்க வேண்டும். அது தானாகவே அடங்கும். இவருக்கு நடந்தது வேறு. எனது கணிப்பு என்னவென்றால், ஆறு ஆண்டுகள் ஒரே மருந்தை விழுங்கியதால் கிருமி அதற்குப் பழகிவிட்டது. மாணவர்களுக்கு அன்டிபயோட்டிக் பற்றிச் சொல்லிக் கொடுக்கும்போதும் இதைத்தான் சொல்கிறோம். ஆகவே மீண்டும் எண்டகாவிர் கொடுத்தது சரியா, டெனோபோவிருக்கு மாற்றியிருக்க வேண்டாமா என்று கேட்டுப் பாருங்கள்.

முன்னாள் தாதி

நான் ஈரல் நோயாளர் வார்டில் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவள். ஆசிரியர் சொன்னதில் முதல் பாதி சரி, மறு பாதி லமிவுடின் காலத்துக் கதை. அந்த மருந்துக்குக் கிருமி விரைவில் பழகிவிடும். அதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். முன்பு வேறு மருந்து எடுக்காதவர்களிடம் எண்டகாவிருக்குக் கிருமி பழகுவது மிக அரிது, ஐந்து ஆண்டுகளில் ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்குத்தான். அதோடு, பழகியிருந்தால் குளிசை விழுங்கிக்கொண்டிருக்கும்போதே வைரஸ் அளவு ஏறியிருக்கும். கணக்காளர் தம்பிக்கு ஏறியது விட்ட பிறகு. அதனால் அதே மருந்தைத் திரும்பக் கொடுத்தது முறைதான்.

நடந்தது இதுதான். எண்டகாவிரும் டெனோபோவிரும் கிருமி தன்னைப் பிரதி எடுப்பதைத்தான் தடுக்கின்றன. ஈரல் கலத்தின் கருவுக்குள், வட்டமாகச் சுருண்ட மூலப்பிரதி ஒன்று தங்கியிருக்கிறது. குளிசை அதைத் தொடுவதில்லை. "கண்டறியப்படவில்லை" என்றால் இரத்தத்தில் பிரதிகள் ஓடவில்லை என்று மட்டுமே பொருள். தம்பி, கிருமியின் வெளியுறைப் புரதமான மேற்பரப்பு அன்டிஜனை உங்கள் இரத்தத்தில் தேடும் பரிசோதனை அந்த ஆறு ஆண்டுகளும் பொசிட்டிவாகவே இருந்திருக்கும், எடுத்துப் பாருங்கள். குளிசை நின்றதும் மூலப்பிரதி மறுபடி வேலை செய்யத் தொடங்கும். முதல் வாரங்களில் ஏ.எல்.டி. அமைதியாகவே இருக்கும், ஏனென்றால் கிருமி தானாக ஈரல் கலத்தைக் கொல்வது குறைவு. பெருகிய கிருமியை உடலின் எதிர்ப்புச் சக்தி அடையாளம் கண்டு, தொற்றிய கலங்களைக் கூட்டம் கூட்டமாக அழிக்கும்போதுதான் அந்த இலக்கம் பாய்கிறது. ஆகவே மே மாதம் நீங்கள் பார்க்க வேண்டியிருந்தது வைரஸ் அளவு, பார்த்ததோ ஏ.எல்.டி. மட்டும்.

இன்னொன்றும் உண்டு. டெனோபோவிரை விட்டவர்களுக்குப் பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள் கிருமி திரும்புகிறது. எண்டகாவிரை விட்டவர்களுக்கு அது பிந்தி, ஆறு மாதத்தை ஒட்டியோ அதற்குப் பிறகோ வருவது வழக்கம். மூன்றாம் மாத நல்ல அறிக்கையை நம்பி ஏமாந்தவர் நீங்கள் மட்டும் அல்லர்.

வத்தளை அம்மாவுக்கு ஒரு சொல். அந்த நான்கு நாட்களில் ஐ.என்.ஆர். 2 ஐத் தாண்டி, பேச்சுத் தடுமாறியிருந்தால், வார்டில் நாங்கள் செய்யக்கூடியது மிகக் குறைந்திருக்கும். ஏ.எல்.டி. இறங்குவதைக் கண்டு வீட்டுக்காரர்கள் மகிழ்வார்கள்; பிலிருபினும் ஐ.என்.ஆரும் ஏறிக்கொண்டிருக்க அது இறங்கினால், சாவதற்குக் கலம் மிச்சமில்லை என்றும் பொருள் கொள்ளலாம். கடினமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அப்படி ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். அவருக்கு ஈரல் ஏற்கெனவே சுருங்கியிருந்தது.

வெள்ளவத்தை தாய்

அக்கா, எனக்கு ஒரு குழப்பம். இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது எனது வைரஸ் அளவு இருபது கோடியாக இருந்ததால், பிள்ளைக்குத் தொற்றாமல் இருக்க 28 ஆவது வாரத்தில் டெனோபோவிர் 300 மில்லிகிராம் தொடங்கினார்கள். பிள்ளைக்குப் பிறந்த அன்றே ஊசி போட்டார்கள். ஆறாம் வாரத்தில் எனது குளிசையை வைத்தியரே நிறுத்தினார். ஆறு மாதத்துக்கு மாதம் ஒரு முறை இரத்தம் எடுத்தார்கள். இரண்டாம் மாதம் ஏ.எல்.டி. 110 ஆகித் தானாக இறங்கியது. எனக்கு நிறுத்தலாம், இவருக்கு நிறுத்தக்கூடாது என்பது எப்படி?

முன்னாள் தாதி

உங்களுக்கு அந்தக் குளிசை பிள்ளைக்காகத் தரப்பட்டது, மகளே. அப்போது உங்கள் ஈரலில் வைத்தியம் தேவைப்படும் அளவுக்கு அழற்சி இருந்திருக்காது. அப்படியிருந்தும் 110 வரை ஏறியதைப் பாருங்கள். அது கூடினால் பிடித்துக்கொள்ள ஒருவர் மாதாமாதம் காத்திருந்தார். தம்பிக்கு அப்படி எவரும் இருக்கவில்லை.

கொட்டாஞ்சேனை கணக்காளர்

அக்கா சொன்னபடி பழைய கோப்பை எடுத்துப் பார்த்தேன். மேற்பரப்பு அன்டிஜன் ஒவ்வொரு ஆண்டும் பொசிட்டிவ். அந்தத் தாள் எப்போதும் இரண்டாம் பக்கத்தில் இருந்திருக்கிறது. நான் முதல் பக்கத்தோடு நிறுத்தியிருக்கிறேன்.

ஒரு விடயத்தில் எனக்கு இன்னும் தெளிவில்லை. எனது வைத்தியர், அந்த அன்டிஜன் மறையும் வரை குளிசை தொடர வேண்டும் என்கிறார். இரண்டாவது கருத்துக்குப் போன இடத்தில், அன்டிஜனின் அளவை எண்ணிப் பார்த்து, நூறுக்குக் கீழே இருந்தால் நெருக்கமான கண்காணிப்புடன் நிறுத்திப் பார்ப்பவர்களும் உண்டு என்றார்கள்.

முன்னாள் தாதி

இரண்டும் உண்மை. தழும்பு இறுகிய ஈரலாக இருந்தால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. மற்றவர்களில் யாருக்கு நிறுத்தலாம் என்பதில் வைத்தியர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. ஒரு முறை இவ்வளவு பெரிதாகச் சீறிய ஈரலில் மறுபடி முயன்று பார்க்க நான் விரும்பமாட்டேன். அது எனது மனம் மட்டுமே.

மருதானை இளைஞர்

இதை வாசித்து எனக்கு வியர்த்துவிட்டது. நான் டெனோபோவிர் இரண்டு ஆண்டுகளாக எடுத்தவன். கட்டாருக்கு வேலைக்குப் போக மெடிக்கல் இருந்தது; குளிசை இரத்தத்தில் தெரிந்துவிடும் என்று அறை நண்பர் சொன்னதால் பத்து வாரத்துக்கு முன் நிறுத்திவிட்டேன். உடம்பில் ஒன்றும் இல்லை, சாப்பாடும் நன்றாகச் செல்கிறது. ஒன்றுவிட்ட ஒரு நாள் எடுத்தால் போதுமா? பெரியப்பாவுக்கு அப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

முன்னாள் தாதி

தம்பி, மெடிக்கலில் தேடுவது மேற்பரப்பு அன்டிஜனை. குளிசை எடுத்தாலும் விட்டாலும் அது பொசிட்டிவாகவே வரும். நிறுத்தியதால் உங்களுக்கு ஒரு பயனும் கிடைத்திருக்காது. பெரியப்பாவுக்கு இடைவெளி விட்டுக் கொடுத்திருந்தால் சிறுநீரகம் குறைவாக வேலை செய்வதால் இருக்கும். உங்கள் சிறுநீரகம் சரியாக இருந்தால் அந்தக் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. நீங்கள் விட்ட மருந்துக்குப் பத்தாம் வாரம்தான் கவனிக்க வேண்டிய வாரம். உடம்பில் ஏதாவது தெரியும் வரை காத்திருக்காதீர்கள். கிளினிக்கில் நிறுத்திய திகதியை மறைக்காமல் சொல்லி, ஏ.எல்.டி., பிலிருபின், ஐ.என்.ஆர்., வைரஸ் அளவு, சிறுநீரகத்தைக் காட்டும் கிரியாட்டினின் ஐந்துக்கும் ஒரே நாளில் இரத்தம் கொடுங்கள். அவர்கள் திட்டினாலும் கேட்டுக்கொள்ளுங்கள். சிறுநீர் கறுத்தாலோ கண் மஞ்சளானாலோ கிளினிக் நாளைப் பார்க்காமல் அன்றே வெளிநோயாளர் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

மருதானை இளைஞர்

மூன்று நாட்களுக்குப் பிறகு எழுதுகிறேன். போனேன். ஏ.எல்.டி. 214, பிலிருபின் 1.1, ஐ.என்.ஆர். சரியாக உள்ளது. வைரஸ் அளவு இன்னும் வரவில்லை. அன்றிரவே குளிசையைத் தொடங்கச் சொன்னார்கள்; அடுத்த வாரம் மீண்டும் இரத்தம் கொடுக்க வேண்டும். கண்ணாடியில் கண்ணைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். மஞ்சள் இல்லை.