கலைச்சொல் விவாதம்: யூஎஸ்பி முள்வரிசை, தலைகீழாகச் செருகாமல் தடுக்கும் ஏற்பாடு

செல்வம், யாங்கோன்:

வணக்கம். நம் பிள்ளைகளுக்கான கணினிப் பழுதுபார்ப்புக் கையேட்டில் ஒரு பாடம் சொல் கிடைக்காமல் நிற்கிறது. பெட்டியின் முன்பக்க யூஎஸ்பியிலிருந்து கம்பி வந்து மதர்போர்டில் சேருகிறது. கம்பி முனையில் இருப்பதைச் செருகி என்றும், போர்டில் நிற்பதை முள்வரிசை என்றும் எழுதிவிட்டேன். பழையது 9 முள், புதியது 19 முள். தலைகீழாகச் செருக முடியாதபடி செய்திருக்கிறார்களே, அந்த ஏற்பாட்டை என்னவென்று சொல்வது? 'சாவி முள்' என்று ஒருவர் எழுதிக் கொடுத்தார். எனக்கு மனம் ஒப்பவில்லை. அந்த இடத்தில் முள்ளே கிடையாது. படிக்கிற பிள்ளை இல்லாத முள்ளைத் தேடிக்கொண்டிருக்கும்.

தனபால், மோல்மேன்:

'விடுமுள்' என்று வைத்துவிடுங்கள் அண்ணே. பத்து இடத்தில் ஒன்று காலி, இருபது இடத்தில் ஒன்று காலி. அந்த முள் இல்லாததால்தான் மாற்றிச் செருக முடிவதில்லை. ஒரே சொல் இரண்டுக்கும் ஆகும்.

மீனா, யாங்கோன்:

தனபால் தம்பி சொல்வது பாதி சரி. முள் இல்லாத இடம் எதையும் தடுக்காது. செருகியில் அதற்கு நேரான துளையை அடைத்திருந்தால்தான் தடுக்கும். அடைக்காத பத்துத் துளைச் செருகி தலைகீழாகவும் உள்ளே போய்விடும். அப்போது ஒரு சிவப்புக் கம்பி காலி மூலையிலும், மற்றது எதனோடும் சேராத முள்ளிலும் உட்காரும். மின்சாரம் வராது, பென்டிரைவும் தெரியாது. வேறு சேதம் பெரிதாக இல்லை.

உண்மையான ஆபத்து பழைய பெட்டிகளில் வரும் நான்கு துளை ஒற்றை வரிசைச் செருகியில் இருக்கிறது. சிவப்பு 5 வோல்ட், வெள்ளையும் பச்சையும் தகவலுக்கு, கறுப்பு தரை. இதில் அடைத்த துளையே கிடையாது. திருப்பிப் போட்டால் கறுப்பில் 5 வோல்ட் ஏறும். மழைக்காலத்தில் ஒருவர் அப்படியொரு பெட்டியைக் கொண்டுவந்தார். முன்பக்கத்தில் எந்தப் பென்டிரைவைச் செருகினாலும் சுட்டுக்கொண்டு செத்துப்போகிறது என்றார். செருகுவாயின் இரண்டு ஓரத் தகடுகளிலும் மல்டிமீட்டரை வைத்தேன். 5 வோல்ட் இருந்தது, ஆனால் கழித்தல் குறியோடு. திறந்து பார்த்தால் கறுப்புக் கம்பி முதல் முள்ளின் மேல்.

இன்னொன்று. பழைய போர்டுகளில் ஃபயர்வயருக்கும் இதே 9 முள், இதே மூலைதான் காலி. அங்கே வருவது 12 வோல்ட். அடைத்த துளை இதைத் தடுக்காது; போர்டில் அச்சிட்ட எழுத்தைப் படித்துத்தான் செருக வேண்டும்.

19 முள்ளில் மூலை காலியாக இருந்தாலும் முக்கியமான வேலையைச் செய்வது சுற்றுச்சுவர். சுவரில் ஒரு வெட்டு, செருகியில் அதற்கேற்ற புடைப்பு. ஆகையால் முள்ளை வைத்துப் பெயர் சூட்ட வேண்டாம். 'திசைத்தடை' என்பது பொதுச்சொல்லாக இருக்கட்டும். அடைத்துளை, சுவர்வெட்டு இரண்டும் அதன் வகைகள்.

மரியதாஸ், பெகு:

என் பெட்டியில் 19 முள் செருகியைச் சற்று அழுத்தித்தான் போட்டேன். இப்போது வெளி ஹார்டு டிஸ்கில் படம் ஏற்ற வெகுநேரம் ஆகிறது. திசை மாறிவிட்டதா?

மீனா:

மாறியிருந்தால் உள்ளேயே போயிருக்காது மரியதாஸ் அண்ணே. முள் வளைந்திருக்கலாம். ஹார்டு டிஸ்கைச் செருகிவிட்டு லினக்ஸில் இதை ஓட்டிப் பாருங்கள்:

```
lsusb -t
```

டிஸ்குக்கான வரியில் 5000M வர வேண்டியதற்கு 480M வந்தால் பழைய வேகத்தில் ஓடுகிறது என்று அர்த்தம். 19 முள்ளில் பழைய வேகத்துக்கான தடங்கள் தனி, புது வேகத்துக்கானவை தனி. புதுத் தடத்தில் ஒரு முள் படுத்துக்கொண்டாலும் மற்றது வேலை செய்யும். அதனால்தான் கெட்டதே தெரியாது. ஆனால் வேறு கம்பியையும் போர்டின் பின்பக்கத்துப் புது வேகச் செருகுவாயையும் முதலில் சோதியுங்கள். அங்கும் 480M என்றால் குறை கம்பியிலோ டிஸ்கிலோதான்.

கழற்றும்போது மின்சாரத்தை நிறுத்திவிட்டு, கம்பியைப் பிடித்து இழுக்காமல் செருகியின் இரு பக்கமும் பிடித்து நேராக மேலே தூக்குங்கள். பிடிப்பு இறுக்கம், சாய்த்து இழுத்தால் சுற்றுச்சுவரும் கூடவே கழன்று வரும். பழையதில் முள்ளுக்கு முள் 2.54 மில்லிமீட்டர், இதில் 2 தான். முள்ளும் மெல்லியது. வெற்று மெக்கானிக்கல் பென்சிலின் நுனிக்குழாயை முள்ளில் மாட்டி மெதுவாக நிமிர்த்தலாம். இரண்டாம் முறை வளைத்தால் ஒடிந்துவிடும்.

தனபால்:

அடைத்த துளை விஷயம் புரிந்தது அக்கா. 'திசைத்தடை' மட்டும் இன்னும் ஒட்டவில்லை. எந்தத் திசையிலும் போகாது என்று படுகிறது. 'ஒருதிசைப் பொருத்தம்' என்றால் சரியாகப் போகும் பக்கமும் தெரியுமே?

செல்வம்:

படத்துக்குக் கீழே எழுத நீளமாக இருக்கிறது தம்பி. ஆனாலும் நீ சொல்வதில் நியாயம் உண்டு. இப்போதைக்கு அடைத்துளை, சுவர்வெட்டு இரண்டையும் பாடத்தில் ஏற்றிவிடுகிறேன். பொதுச்சொல்லுக்கு இடம் விட்டு வைக்கிறேன். மீனா, அந்த நான்கு துளைச் செருகி கடையில் இன்னும் கிடந்தால், கம்பியின் நிறம் தெரியும்படி ஒரு படம் எடுத்து அனுப்பும்மா.