அப்பளத் தொழில் சர்வே: ஒரே படமாக எப்படிப் போடலாம்?

வணக்கம். கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் போடும் 40 பேரிடம், ‘தொழிலில் எது பெரிய சிரமம்?’ என்று கேட்டோம். ஒருவர் எத்தனை பதிலையும் டிக் செய்யலாம். உளுந்து விலை 29, மழைநாளில் காயவைக்க இடமில்லை 22, ஆள் கிடைப்பதில்லை 17, பேக்கிங் செலவு 8. வங்கி அதிகாரிகளும் ஆடிட்டர்களும் பார்க்கும்படி இதை லிங்க்டுஇன்னில் போட வேண்டும்.

தம்பி ஒருவர் பை சார்ட் போட்டுத் தந்தார். அதில் உளுந்து விலை 38 சதவீதம் என்று வருகிறது. டிக்குகளைக் கூட்டினால் 76. சார்ட் அந்த 76-ஐ முழுசாக எடுத்துக்கொண்டது. ஆனால் கேட்டது 40 பேரிடம். நாலில் மூன்று பேருக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் சொன்ன சிரமம், படத்தில் பாதியாகச் சுருங்கிவிடுகிறது. அதனால் படுக்கைவாட்டுப் பட்டைகளுக்கு மாறிவிட்டேன். நீளமான தமிழ்ப் பெயர்களும் சாயாமல் இடது பக்கம் நிற்கின்றன. சதவீதம் போடாமல் ‘40 பேரில் 29’ என்றே எழுதியிருக்கிறேன். உளுந்துப் பட்டைக்கு மட்டும் அழுத்தமான நிறம், மற்றவை சாம்பல்.

இரண்டு விஷயத்தில் உதவி வேண்டும். தலைப்பு உளுந்து விலையைச் சொல்லட்டுமா, காயவைக்கும் இடத்தையா? கடன் கொடுப்பவர்களால் ஏதாவது செய்ய முடியும் என்றால் அது உலர்த்தும் கூடத்துக்குத்தான் என்று எனக்குப் படுகிறது. அப்புறம், கூட்டத்துக்கு வந்தவர்களிடம் மட்டுமே கேட்டோம். ஊர் முழுவதற்கும் இது பொருந்தாது. இதை மொபைலில் படிக்கிற அளவில், படத்திலேயே ஒரே வரியில் எப்படி எழுதலாம்? இப்படிப் போட்டுப் பழகியவர்கள் சொல்லுங்கள்.