n·xⁿ கூடுதல்: x = 1/2 போட்டால் கிட்டத்தட்ட சரி, x = 2 போட்டால் மைனஸ். எந்தப் படி தப்பு?

எண்விரும்பி:

வணக்கம். x + 2x² + 3x³ + … + n·xⁿ என்பதன் கூடுதலுக்குச் சூத்திரம் வேண்டும். பெருக்குத் தொடருக்குச் செய்வதுபோல S எழுதி, x-ஆல் பெருக்கி, கழித்தேன்:

```
S      = x + 2x² + 3x³ + … + n·xⁿ
xS     =      x² + 2x³ + …
S - xS = x +  x² +  x³ + … + xⁿ
```

வலது பக்கம் சாதாரணப் பெருக்குத் தொடர். ஆக S = x(1−xⁿ)/(1−x)².

x = 1/2, n = 10 போட்டால் 1.99805 வருகிறது. பைதானில் லூப் போட்டுக் கூட்டினால் 1.98828. வித்தியாசம் சின்னதுதான், தசமப் பிழையாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். ஆனால் x = 2, n = 2 போட்டால் −6 வருகிறது. கையால் கூட்டினால் 2 + 8 = 10. கூட்டுவது எல்லாம் பாசிட்டிவ் எண்கள், விடை எப்படி மைனஸ் ஆகும்? இரண்டு மணி நேரமாகப் பார்க்கிறேன், கழித்தலில் தப்பு தெரியவில்லை.

வேகமானி:

இது தெரிந்த விஷயம்தான் நண்பா. இந்தத் தொடருக்கு |x| < 1 என்று நிபந்தனை உண்டு. x = 2 போடவே கூடாது, தொடர் விரிந்துகொண்டே போகும், அதனால்தான் அர்த்தமில்லாத விடை. x/(1−x)² என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், போதும். 1 + x + x² + … = 1/(1−x) என்பதை வகையிட்டு x-ஆல் பெருக்கினால் ஒரே வரியில் வந்துவிடும்.

பழைய_வாத்தியார்:

வகையிட்டால் வரும் என்பது சரி. ஆனால் |x| < 1 நிபந்தனை முடிவில்லாமல் போகும் தொடருக்கு மட்டும்தான். இங்கே n உறுப்புகளோடு நிறுத்திவிட்டோம். நின்றுபோன கூட்டலுக்கு x = 2 என்ன, x = −7 என்ன, எதைப் போட்டாலும் சூத்திரம் பொருந்தியாக வேண்டும். x = 1 மட்டும்தான் விலக்கு, அங்கே பூஜ்யத்தால் வகுக்க நேரும். தவிர, x = 1/2-க்கும் விடை பிசகித்தான் இருக்கிறது. 0.00977 வித்தியாசம் தசமப் பிழையில் வராது, அங்கே பிழை பதினாறாவது இலக்கம் பக்கத்தில்தான் இருக்கும்.

தம்பி, உங்கள் இரண்டாவது வரியைப் பாருங்கள். "2x³ + …" என்று புள்ளி வைத்து விட்டுவிட்டீர்கள். அந்த வரி எங்கே முடிகிறது? புள்ளியே இல்லாமல் n = 3, x = 2 எடுத்து முழுசாக எழுதுவோம்:

```
S      = 2 + 8 + 24
2S     =     4 + 16 + 48
S - 2S = 2 + 4 +  8 - 48
```

x-ஆல் பெருக்கினதும் வரிசை முழுக்க ஒரு இடம் வலப்பக்கம் நகர்கிறது. அதனால் முன்பக்கம் 2 தனியாக நிற்கிறது, பின்பக்கம் 48 தனியாகத் தொங்குகிறது. முன்னால் நின்றதை எடுத்துக்கொண்டீர்கள், பின்னால் தொங்கினதை விட்டுவிட்டீர்கள். 2 + 4 + 8 − 48 = −34, அதாவது −S = −34, S = 34. நேராகக் கூட்டினாலும் 34-தான்.

அந்தத் தொங்கும் உறுப்பு n·xⁿ⁺¹. அதைச் சேர்த்தால்:

```
(1-x)·S = x(1-xⁿ)/(1-x) - n·xⁿ⁺¹
S = x(1-xⁿ)/(1-x)² - n·xⁿ⁺¹/(1-x)
```

உங்கள் x = 2, n = 2-க்கு விட்டுப்போன பகுதி +16. −6 + 16 = 10. x = 1/2, n = 10-க்கு அதே பகுதி 10/1024 ≈ 0.00977, லூப்பில் பார்த்த வித்தியாசம் இதுவேதான்.

இந்த மாதிரிச் சூத்திரம் எழுதினதும் n = 1 போட்டுப் பாருங்கள். விடை x வர வேண்டும். உங்களுடையதில் x/(1−x) வந்திருக்கும், அங்கேயே பிடிபட்டிருக்கும். n பெரிதாக இருக்கும்போது சோதித்தால் x = 1/2-இல் இந்தப் பிழை ஒளிந்துகொள்ளும்.

வேகமானி:

சரி, x = 2 போடலாம் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் |x| < 1 ஆனால் அந்தக் கடைசி உறுப்பைக் கண்டுகொள்ளத் தேவையில்லை. அது பூஜ்யம்தானே?

பழைய_வாத்தியார்:

n முடிவில்லாமல் போகும்போது பூஜ்யத்தை நோக்கிப் போகும். எவ்வளவு சீக்கிரம் என்பது x-ஐப் பொறுத்தது. x = 0.99 எடுங்கள். முடிவில்லாத் தொடருக்கு விடை 9900. முதல் 100 உறுப்புகளை மட்டும் கூட்டினால் சுமார் 2653. கடைசி உறுப்பை விட்டுவிட்ட சூத்திரமோ 6276 என்று சொல்லும். n ஒரு பக்கம் ஏற்றுகிறது, 0.99ⁿ ஒரு பக்கம் இறக்குகிறது. n ஏறக்குறைய 100 ஆகிறவரை ஏற்றம்தான் ஜெயிக்கிறது, அதற்கப்புறம்தான் n·0.99ⁿ இறங்கவே தொடங்கும்.

பகடைக்காரி:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும், என் கணக்கும் இதே தொடர்தான். பகடையில் 6 விழும்வரை சராசரியாக எத்தனை முறை உருட்ட வேண்டும்? k-ஆவது முறையில் முதல் 6 விழ நிகழ்தகவு (5/6)ᵏ⁻¹·(1/6). x/(1−x)²-இல் x = 5/6 போட்டால் 30, அதை 6-ஆல் வகுத்தால் 5. ஆனால் புத்தகத்தில் விடை 6. எனக்கும் கடைசி உறுப்புதான் விட்டுப்போயிற்றா?

பழைய_வாத்தியார்:

இல்லைம்மா, உங்களுடையது முடிவில்லாத் தொடர், கடைசி உறுப்பு அங்கே தொல்லை தராது. உங்கள் அடுக்கைப் பாருங்கள், k இல்லை, k−1. அதாவது 1 + 2x + 3x² + …, இந்த இழையில் உள்ள தொடரை x-ஆல் வகுத்தது. அதன் கூடுதல் 1/(1−x)² = 36. 6-ஆல் வகுத்தால் 6.

எண்விரும்பி:

நன்றி சார், n = 1 போட்டுப் பார்த்தேன், x வருகிறது. கோடில் திருத்திவிட்டேன். x = 1-க்குத் தனியாக n(n+1)/2 வைத்திருக்கிறேன்:

```python
def s(x, n):
    if x == 1:
        return n*(n+1)//2
    return x*(1-x**n)/(1-x)**2 - n*x**(n+1)/(1-x)
```

இப்போது வேறொரு சிக்கல். x = 1.000000001, n = 10-க்கு 55-ஐ ஒட்டி வர வேண்டும். சம்பந்தமில்லாத எண் வருகிறது.

பழைய_வாத்தியார்:

சூத்திரம் சரிதான், கணினிதான் தடுமாறுகிறது. அந்த x-க்கு இரண்டு பகுதிகளும் தனித்தனியே ஆயிரம் கோடி அளவில் இருக்கும், ஒன்று மைனஸ், ஒன்று பிளஸ். அவற்றைக் கூட்டி 55 எடுக்கப் பார்க்கிறீர்கள். 1−xⁿ-ஐக் கழிக்கும்போதே பாதி இலக்கங்கள் போய்விடும், மிஞ்சியதில் 55 தேறாது. n = 10 தானே, லூப்பிலேயே கூட்டிவிடுங்கள்.

எண்விரும்பி:

n கோடிக்கணக்கில் இருந்தால்?

பழைய_வாத்தியார்:

x = 1 + h என்று வைத்து, n·h ரொம்பச் சின்னதாக இருந்தால் xᵏ-க்குப் பதில் 1 + kh எடுக்கலாம். அப்போது S ≈ n(n+1)/2 + h·n(n+1)(2n+1)/6. n·h பெரிதாக இருந்தால் உங்கள் சூத்திரமே சமாளித்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் h-க்கு எந்த இடத்தில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது என்று என்னிடம் கறாரான எல்லை இல்லை. மிதவைப்புள்ளிக் கணக்கில் வேலை செய்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.