கிரைண்டர் அன்பாக்ஸிங்: அலமாரியில் இடித்த கதை

மாவுச்சட்டி: இரண்டு லிட்டர் டேபிள்டாப் கிரைண்டருக்கு அன்பாக்ஸிங் வீடியோ போட்டேன். டேப் கிழியும் சத்தம், தெர்மாகோலை உருவும்போது கொஞ்சம் பில்டப், எல்லாம் எழுதி வைத்துத்தான் பேசினேன். "உயரம் 31 செ.மீ." என்றும் சொன்னேன். ஆனாலும், "மேடைக்கு மேலே அலமாரி இருக்கு, அடியில நிக்குமா?" என்றுதான் கமெண்டில் திரும்பத் திரும்பக் கேட்டார்கள்.

அடுத்த வீடியோவுக்கு ஸ்கிரிப்டைத் திருப்பிப் போட்டேன். முதலில் மேடையையும் அலமாரியையும் காட்டி, நடுவில் டேப் பிடித்து, "42 செ.மீ. இருக்கு, நுழையுமா பார்ப்போம்" என்றேன். அப்புறம்தான் பெட்டியில் கை வைத்தேன். கிரைண்டர் நன்றாகவே நின்றது. ஆனால் மாவை வழிக்க டிரம்மை அச்சிலிருந்து மேலே தூக்கினேன், அலமாரியில் டங் என்று இடித்தது! அதை வெட்டாமல் அப்படியே விட்டேன். வாங்குகிறவருக்கு வேண்டிய அளவு அதுதானே.

அரைப்படி: லிட்டர் கணக்கையும் ஆரம்பத்திலேயே சொல்லிவிடலாமே. இரண்டு லிட்டர் என்றால் இரண்டு லிட்டர் மாவு வரும், அவ்வளவுதான்.

கல்கொத்தி: அவ்வளவுதான் இல்லை. அது காலி டிரம்மின் கொள்ளளவு. உள்ளே கல் இடத்தை அடைக்கும், உளுந்து அரைக்க அரைக்கப் பொங்கும். நான் வீட்டு டம்ளரால் அளந்து காட்டினேன்: நான்கு டம்ளர் இட்லி அரிசியை ஊறவைத்து ஒரே ஈடாகப் போட்டதும் விளிம்பில் வழிந்தது. இரண்டு ஈடாகப் போட்டபோது சரியாக வந்தது. டம்ளர் எத்தனை மில்லி என்று திரையில் போட மறந்துவிட்டேன், அதற்கும் திட்டு வாங்கினேன்.

ஊறவைத்தவள்: என் கிரைண்டரில் பெல்ட் நழுவுதுங்க. எங்கே கிடைக்கும்?

மாவுச்சட்டி: அது வேற கதைங்க, தனியா கேளுங்க.

கல்கொத்தி: பெட்டிக்குள் என்ன இருக்கு என்பதிலும் ஒரு அனுபவம் உண்டு. அட்டையில் தேங்காய்த் துருவி படம் இருந்தது, உள்ளே இல்லை. தனியாக வாங்க வேண்டுமாம். கேமரா முன்னால் தேடித் தேடி அசடு வழிந்தேன். இப்போதெல்லாம் முந்தின நாளே பிரித்து, பொருட்களை அட்டையில் அச்சிட்ட பட்டியலோடு ஒத்துப் பார்த்துவிட்டு, மறுபடி ஒட்டிவிடுகிறேன். வீடியோவில் எல்லாவற்றையும் பாயில் பரப்பி, காலிப் பெட்டியைக் கவிழ்த்துக் காட்டி, "துருவி வராது" என்று தெளிவாகச் சொல்வேன்.

அரைப்படி: மறுபடி ஒட்டினால் அது அன்பாக்ஸிங்கா? ஏமாற்று இல்லையா?

கல்கொத்தி: "நேற்றே பிரித்துப் பார்த்தேன்" என்று சொல்லிவிட்டுத்தான் தொடங்குகிறேன்.

மாவுச்சட்டி: அதைச் சொன்னதும் பாதி ஆர்வம் போயிடுமே. நான் இன்னும் முதல் முறையாகத்தான் பிரிக்கிறேன். துருவி இல்லாவிட்டால் என் முகம் தொங்குவதும் வீடியோவில் வரட்டும்.